60 சதவீதமா, 8 சதவீதமா?

ஒரு மளிகைக் கடையின் இரண்டு ஆண்டு விற்பனையை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாகப் பிடிபட வேண்டும் என்பதற்காக நான் அமைத்துக்கொண்ட எண்கள் இவை. தொகை எல்லாம் லட்சம் ரூபாயில்.

| பொருள் | சென்ற ஆண்டு | இந்த ஆண்டு | வளர்ச்சி |
|---|---|---|---|
| அரிசி | 100 | 108 | 8% |
| எண்ணெய் | 60 | 72 | 20% |
| பருப்பு | 30 | 24 | –20% |
| சிறுதானியம் | 10 | 16 | 60% |
| மொத்தம் | 200 | 220 | 10% |

இதைப் பார்க்கும் யாருக்கும் கண் முதலில் போய் நிற்பது சிறுதானியத்தின் 60 சதவீதத்தில்தான். அரிசியின் 8 சதவீதம் சோர்ந்துபோனதுபோல் தெரியும். ஆனால் கடைக்குக் கூடுதலாக வந்தது 20 லட்சம். அதில் அரிசி கொண்டுவந்தது 8 லட்சம், சிறுதானியம் கொண்டுவந்தது 6 லட்சம். 100 லட்சத்துக்கு 8 சதவீதம், 10 லட்சத்துக்கு 60 சதவீதத்தைவிடப் பெரிய தொகை. வளர்ச்சி விகிதத்தை மட்டும் பார்க்கிறவர்கள் தவறவிடுவது இந்த அடித்தளத்தின் அளவைத்தான்.

அதனால்தான் முதலில் ஒவ்வொரு பொருளின் பங்கையும் கணக்கிட வேண்டும். பொருளின் விற்பனையை மொத்தத்தால் வகுத்தால் பங்கு. சென்ற ஆண்டு அரிசியின் பங்கு 50 சதவீதம். இந்த ஆண்டு 108-ஐ 220-ஆல் வகுத்தால் 49.1. விற்பனை கூடியும் பங்கு குறைந்திருக்கிறது. கடை 10 சதவீதம் வளர்ந்தபோது அரிசி 8 சதவீதமே வளர்ந்ததால் வந்த விளைவு இது. மொத்தத்தைவிட மெதுவாக வளரும் எந்தப் பொருளுக்கும் இதே கதிதான்.

அடுத்தது வளர்ச்சிக்கான பங்களிப்பு. ஒரு பொருளில் கூடிய தொகையைச் சென்ற ஆண்டின் மொத்தத்தால், அதாவது 200-ஆல் வகுக்க வேண்டும். அரிசி 4 சதவீதப் புள்ளி, எண்ணெய் 6, சிறுதானியம் 3, பருப்பு கழித்தல் 3. நான்கையும் கூட்டினால் கடையின் 10 சதவீத வளர்ச்சி அப்படியே வருகிறது. வளர்ச்சி விகிதங்களை இப்படிக் கூட்டவோ சராசரி எடுக்கவோ முடியாது. எடுத்தால் 17 சதவீதம் வரும். அதற்குப் பொருளே இல்லை.

எனக்கு இந்த அட்டவணையில் மிக முக்கியமாகப் படுவது பருப்புதான். அது போன ஆண்டு அளவிலேயே நின்றிருந்தால்கூடக் கடை 13 சதவீதம் வளர்ந்திருக்கும். அரிசியும் எண்ணெயும் வாங்குகிறவர்கள் பருப்பை மட்டும் வேறெங்காவது வாங்குகிறார்களா? கடைக்காரர் உடனே விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

எக்செல்லில் B பத்தியில் சென்ற ஆண்டு, C பத்தியில் இந்த ஆண்டு, 6-வது வரிசையில் மொத்தம் என்றால், பங்கும் பங்களிப்பும் இப்படி:

```
=C2/C$6
=(C2-B2)/B$6
```

அந்த `$` குறியை விட்டுவிட்டுச் சூத்திரத்தைக் கீழே இழுத்தால், அடுத்த வரிசை 7-வது வரிசையின் காலிக் கட்டத்தால் வகுக்கப் போய் `#DIV/0!` என்று நிற்கும். பங்குகளின் கூட்டுத்தொகை 100-க்குப் பதில் 50 வந்தால், மொத்தத்துக்குள் ஏற்கெனவே போட்டிருந்த ஒரு மொத்தமும் சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

கூடிய 20 லட்சத்தையே 100 சதவீதமாக வைத்து, "வளர்ச்சியில் எண்ணெயின் பங்கு 60 சதவீதம்" என்று சொல்வதும் வழக்கம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பருப்பு 30-லிருந்து 5-க்கு விழுந்திருந்தால் மொத்த வளர்ச்சி 1 லட்சமாகச் சுருங்கி, எண்ணெயின் பங்கு 1,200 சதவீதம் ஆகிவிடும். மொத்த விற்பனையே குறைந்த ஆண்டில் குறிகள் தலைகீழாகி, விழுந்த பொருளுக்குக் கூட்டலும் வளர்ந்த பொருளுக்குக் கழித்தலும் வரும். சதவீதப் புள்ளிக் கணக்கில் இந்தக் குழப்பம் இல்லை. எண்ணெய் அப்போதும் 6 புள்ளிதான். நான் அதையே நம்புவேன்.

எண்ணெயின் அந்த 6 புள்ளியையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய் மீதான இறக்குமதி வரி, மேல்வரிகளும் சேர்த்து, 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆனது. அப்படி விலை ஏறும் ஆண்டில் அதே லிட்டர்களை விற்றாலே ரூபாய்த் தொகை கூடிவிடும். விலை 20 சதவீதம் ஏறி, விற்ற லிட்டர் மாறாமல் இருந்திருந்தால், கூடிய 12 லட்சமும் விலையால் வந்தது; கடைக்குப் புதிதாக ஒரு லிட்டர்கூட விற்கவில்லை. ஆகவே ரூபாய்ப் பத்திகளுக்குப் பக்கத்திலேயே கிலோவுக்கும் லிட்டருக்கும் இரண்டு பத்திகள் போட்டுக்கொள்ள வேண்டும்.