அரபு மதிப்பெண் பட்டியல்: மொழிபெயர்ப்பில் கைதவறும் இடங்கள்

சிரம்பான் - நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த தமிழ் முஸ்லிம் பிள்ளைகளில் எகிப்து, ஜோர்டான் சென்று சமயக் கல்வி பயின்று திரும்புவோர் உண்டு. அடுத்து முதுகலைக்கு, நீலாயில் உள்ள யூசிம் போன்ற பல்கலைக்கழகத்திற்கோ வெளிநாட்டிற்கோ விண்ணப்பிக்கும்போது, அரபு மதிப்பெண் பட்டியலோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்கப்படலாம். அந்த ஓரிரு பக்கத் தாளில் நேரும் சிறு பிழை, தகுதியையே மாற்றிவிடும்.

முதல் சிக்கல் எண்களில் தொடங்குகிறது. எகிப்தில் வழங்கும் அரபு இலக்கங்களில் ஐந்து, நம் சுழியைப் போல வட்டமாக இருக்கும். சுழி வெறும் புள்ளி. ஆறு, நம் ஏழைப் போலத் தெரியும். 65 என்பதை அவசரத்தில் 70 என்று படித்துவிட முடியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, எல்லாப் பாட மதிப்பெண்களையும் கூட்டி, அடியில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடுவது. ஒவ்வொரு பாடத்திற்கும் உச்ச மதிப்பெண் எவ்வளவு என்ற பத்தியையும் விடக்கூடாது. 150க்கு 120 என்பது 80 விழுக்காடு. உச்ச மதிப்பெண் விடுபட்டால் 120 என்பது பொருளற்ற எண்.

அடுத்து, தரநிலை. ‘மும்தாஸ்’ எக்ஸலண்ட்; ‘ஜய்யித் ஜித்தன்’ வெரி குட்; ‘ஜய்யித்’ குட். ‘மக்பூல்’ என்பதற்கு நேர்ப்பொருள் ‘ஏற்கத்தக்கது’. அதை ‘அக்செப்டட்’ என்று எழுதினால், மாணவருக்கு இடம் கிடைத்துவிட்டதாகக் குழப்பம் வரும். ‘பாஸ்’ என்பதே பொருத்தம்.

எல்லைக் கோடுகளும் இடத்திற்கு இடம் மாறும். ஒரு மாணவர் 66 விழுக்காடு பெற்றதாகக் கொள்வோம். எகிப்தியக் கல்லூரிகள் பலவற்றில் 65க்கு மேல் ‘ஜய்யித்’. 68இல்தான் ‘ஜய்யித்’ தொடங்கும் ஜோர்டானியப் பல்கலைக்கழகத்தில் அதே 66 ‘மக்பூல்’. ஆகவே, மொழிபெயர்ப்பாளர் ‘பி’, ‘சி’ என்றோ சிஜிபிஏ என்றோ தாமாக மாற்றக்கூடாது. உள்ளதை உள்ளபடி எழுதி, தாளின் பின்புறமோ அடியிலோ உள்ள தர அளவுகோலையும் மொழிபெயர்க்க வேண்டும். மதிப்பிடுவது சேர்க்கைப் பிரிவின் வேலை.

பாடப் பெயர்களில் அகராதியே வழி தவறச் செய்யும். ‘ஸர்ஃப்’ என்ற சொல்லுக்குப் பணமாற்று என்றும் பொருள் உண்டு. பட்டியலில் அது சொல்லிலக்கணம். அதன் இணைப்பாடமான ‘நஹ்வு’ தொடரிலக்கணம். ‘ஹதீஸ்’ என்பதற்கு ‘நவீன’ என்றும் பொருள் என்பதால், ‘அல்-அதபுல் ஹதீஸ்’ நபிமொழிப் பாடமன்று, நவீன இலக்கியம். பயின்ற பல்கலைக்கழகமே ஆங்கிலப் பாடப் பெயர்களை வெளியிட்டிருந்தால் அவற்றையே பயன்படுத்துவது பாதுகாப்பு.

கடைசியாக, பெயர். அரபியில் ‘ப’கர வல்லோசை இல்லை. கடப்பிதழில் ‘பக்கீர்’ என்றிருப்பவர், அரபுத் தாளில் ‘ஃபகீர்’ ஆகியிருப்பார். மொழிபெயர்ப்பில் கடப்பிதழ் எழுத்துகளே வரவேண்டும். இல்லையெனில் இருவேறு ஆட்களாகத் தெரியும். முத்திரையிட்ட மொழிபெயர்ப்புக்கு ஐடிபிஎம் எனும் மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகத்தை நாடலாம். கொடுக்கும்போதே கடப்பிதழ் நகலையும் தர அளவுகோல் பக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.