ஒரே மோட்டார், நான்கு அதிர்வெண்கள்

கோவையில் தயாராகும் மூன்று பேஸ் தூண்டல் மோட்டார்கள் பலவற்றின் பெயர்த்தகட்டில் 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்.பி.எம். என்று பொறித்திருக்கும். டிப்ளமோ, பி.இ. மின்னியல் மாணவர்களைத் தேர்வில் தடுமாற வைக்கும் ஒரு கேள்விக்கு இந்த இரண்டு எண்களே போதும். சுமை கூடிக் குறையும்போது ரோட்டாரில் ஓடும் மின்னோட்டத்தின் அதிர்வெண் எவ்வளவு?

ஸ்டேட்டர் சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் ஒரு காந்தப்புலம் சுழலத் தொடங்குகிறது. அதன் வேகம் ஒத்தியங்கு வேகம். ரோட்டார் அதைத் துரத்தும், ஆனால் எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் ரோட்டார் கடத்திகளைப் புலம் வெட்டாது. மின்னழுத்தம் தூண்டப்படாது, முறுக்குவிசையும் இருக்காது. எவ்வளவு பின்தங்குகிறது என்பதை ஒத்தியங்கு வேகத்தின் பங்காகச் சொன்னால் அதுதான் ஸ்லிப். தேவைப்படும் சூத்திரங்கள் மூன்று:

```
Ns = 120 f / P
s  = (Ns - N) / Ns
fr = s × f
```

தகட்டில் துருவ எண்ணிக்கை இல்லாவிட்டாலும் கவலையில்லை. 50 ஹெர்ட்ஸில் 4 துருவத்துக்கு 1500, 6 துருவத்துக்கு 1000. முழுச்சுமை வேகம் ஒத்தியங்கு வேகத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும் என்பதால், 1440 என்றால் 4 துருவ மோட்டார்.

முதலில் முழுச்சுமை. 1500-இல் 1440 போக மீதி 60. அதை 1500-ஆல் வகுத்தால் ஸ்லிப் 0.04, அதாவது 4 சதவீதம். ரோட்டார் அதிர்வெண் 0.04 × 50 = 2 ஹெர்ட்ஸ். மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 60-ஐ 1440-ஆல் வகுப்பவர்கள் ஒரு பக்கம்; சதவீதத்தை அப்படியே போட்டு 4 × 50 = 200 என்று எழுதுபவர்கள் இன்னொரு பக்கம். சுமையேற்றி ஓடும் மோட்டாரில் விடை சில ஹெர்ட்ஸைத் தாண்டினால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

சரிபார்க்க அருமையான வழி ஒன்று உண்டு. 2 ஹெர்ட்ஸை முதல் சூத்திரத்தில் போட்டால் 120 × 2 / 4 = 60 ஆர்.பி.எம். ரோட்டார் மின்னோட்டம் உண்டாக்கும் புலம் ரோட்டாரின் மேல் இந்த வேகத்தில் நகர்கிறது. ரோட்டாரின் சொந்த வேகம் 1440-ஐக் கூட்டினால் 1500. எந்தச் சுமையிலும் கூட்டுத்தொகை ஒத்தியங்கு வேகமாகவே வர வேண்டும்.

அடுத்தது அரைச்சுமை. வேகம் தரப்படாமல் சுமை மட்டும் தரப்பட்டால், மின்னழுத்தம் மாறாத வரையில் சிறிய ஸ்லிப்பில் முறுக்குவிசை ஏறக்குறைய ஸ்லிப்புக்கு நேர்விகிதம் என்று எடுத்துக்கொள்ளலாம். பாதி முறுக்குவிசைக்கு ஸ்லிப் 2 சதவீதம். வேகம் 1500 × (1 - 0.02) = 1470 ஆர்.பி.எம்.; ரோட்டார் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ்.

சுமையே இல்லாமல் அதே மோட்டார் 1495-இல் ஓடுகிறது என்று கேள்வி சொன்னால், ஸ்லிப் 5 / 1500 = 0.0033. அதிர்வெண் 0.167 ஹெர்ட்ஸ்: ஒரு சுழற்சி முடிய ஆறு விநாடி ஆகிறது!

சுவிட்சைப் போடும் கணத்தில் N பூஜ்ஜியம், ஸ்லிப் 1, ரோட்டாரிலும் 50 ஹெர்ட்ஸ். இங்கே மட்டும் நேர்விகிதத்தைக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் தொடக்க முறுக்குவிசை முழுச்சுமையைப்போல் 25 மடங்கு என்று வரும். அணிற்கூண்டு மோட்டாரில் உண்மையில் கிடைப்பது வழக்கமாக ஒன்றரை முதல் இரண்டரை மடங்குதான். ஸ்லிப் கூடக் கூட ரோட்டாரின் தூண்டல் மறிப்பும் கூடி, மின்னோட்டத்தைப் பின்தள்ளிவிடுவதே காரணம்.

இதே பாடத்தைத் தலைகீழாகக் கேட்கும் கணக்கு ஒன்று. 6 துருவ, 50 ஹெர்ட்ஸ் ஸ்லிப்-ரிங் மோட்டாரின் ரோட்டார் சுற்றில், பூஜ்ஜியம் நடுவில் உள்ள மூவிங் காயில் அம்மீட்டர் இணைக்கப்பட்டிருக்கிறது. முள் நிமிடத்துக்கு 90 முழு ஆட்டம் ஆடுகிறது. வேகம் என்ன?

90-ஐ 60-ஆல் வகுத்தால் fr 1.5 ஹெர்ட்ஸ். ஸ்லிப் 1.5 / 50 = 0.03. Ns 1000 என்பதால் N = 1000 × 0.97 = 970 ஆர்.பி.எம். ஆய்வகத்தில் இதைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது எண்ணும் முறை. முள் வலப்பக்கம் போய், இடப்பக்கம் போய், புறப்பட்ட இடத்துக்கு வந்தால்தான் ஒரு ஆட்டம். வலத்தையும் இடத்தையும் தனித்தனியாக எண்ணினால் 180 வரும். ஸ்லிப் 6 சதவீதமாகி, வேகம் 940 என்று தவறாகக் கிடைக்கும்.

விடைத்தாளில் ஒவ்வொரு கணக்கின் அடியிலும் அந்தக் கூட்டல் சரிபார்ப்பை ஒரு வரியாக எழுதிவிடுங்கள். இந்தக் கணக்கில் அது 120 × 1.5 / 6 = 30, 30 + 970 = 1000.