படத்தில் மின்னும் டபரா பித்தளைதானா?

அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு டபரா செட் படம் அனுப்பி, "சித்தி, 1,200 ரூபாயாம், வாங்கலாமா?" என்றாள். வெளியே தங்க நிறம், உள்ளே வெள்ளி நிறம்.

உள்ளே வெள்ளையாக இருப்பது ஒரு குறையல்ல; பித்தளைக்கு ஈயம் பூசுவது வழக்கம்தான். ஆனால் ஈயப்பூச்சு சற்று மங்கலாக, திட்டுத்திட்டாக இருக்கும். இதுவோ கண்ணாடி போலப் பளபளத்தது. அடிப்பக்கத்தைப் படம் கேட்கச் சொன்னேன். வந்த படத்தில், தேய்ந்த விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தது. அசல் பித்தளை தேய்ந்தாலும் மஞ்சள்தான். ஆக, இது முலாம் பூசிய எவர்சில்வர்.

காந்தம் ஒட்டினால் பித்தளை இல்லை. ஒட்டாவிட்டால் எதுவும் உறுதியில்லை, நல்ல எவர்சில்வரிலும் ஒட்டாது.

விலைக்கு எடையைக் கேளுங்கள். செட் 300 கிராம், கடையில் புதுப் பித்தளைப் பாத்திரம் கிலோ 1,000 ரூபாய் என்று வைத்தால் 300 ரூபாய்தான். வேலைப்பாட்டுக்கு இன்னொரு 200 கூட்டலாம். அசல் பித்தளைக்கே 1,200 அதிகம். எடை சொல்லாத விற்பனையாளரிடம் நான் பேரம்கூடப் பேசுவதில்லை.