நாளுக்கு 180 ரூபாய்

பியூட்டி பார்லர் நடத்துபவர்களிடம் "விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?" என்று கேட்டால், பெரும்பாலும் "முதல்ல ஒரு ஐந்நூறு போட்டுப் பார்ப்போம்" என்றுதான் பதில் வரும். இன்ஸ்டாகிராமில் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்துவார்கள். லைக்குகள் குவியும், நாற்காலி மட்டும் காலியாகவே கிடக்கும். செலவுக் கணக்கை விளம்பரத்திலிருந்து தொடங்காமல் அந்தக் காலி நாற்காலியிலிருந்து தொடங்குவதே சரி.

மதுரை அண்ணாநகரில் ஒரு சிறிய பார்லர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு அங்கே நிற்க இடமிருக்காது. செவ்வாய் முதல் வியாழன் வரை மதியத்தில் நாளுக்கு இரண்டு பேருக்கு நேரம் இருக்கிறது, ஆக வாரத்துக்கு ஆறு இடம். 1,200 ரூபாய் ஃபேஷியலில் கிரீம், கரன்ட், சம்பளம் போக 700 ரூபாய் கையில் நிற்கிறது. புதிதாக ஒருவரை வரவழைக்க அதில் 250 வரை தரலாம் என்று உரிமையாளர் முடிவு செய்கிறார். ஆறு பேருக்கு வாரம் 1,500. விளம்பரக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதால் அதையும் ஒதுக்கிவிட்டால், நாளுக்குச் சுமார் 180 ரூபாய் வருகிறது.

இந்தத் தொகையை மெட்டாவின் ஆட்ஸ் மேனேஜரில் தினசரி பட்ஜெட்டாக இட்டால், ஒரு நாளில் 315 ரூபாய் போய்விட்டதே என்று ஒரு காலையில் திகைக்க நேரலாம். பயப்பட வேண்டாம். நல்ல வாய்ப்பு தெரியும் நாளில் 75 சதவீதம் வரை கூடுதலாகச் செலவழிக்க மெட்டாவின் விதி இடம் தருகிறது. வாரக் கணக்கில் ஏழு நாள் தொகையைத் தாண்டாது. அதைவிடப் பெரிய தவறு, இந்த 180-ஐ மூன்று விளம்பரத் தொகுப்புகளுக்கு அறுபது அறுபதாகப் பிரிப்பது. ஒரு தொகுப்பு நிலைபெற வாரத்துக்குச் சுமார் 50 பலன்கள் தேவை என்கிறது மெட்டா. முழுத் தொகையை ஒரே இடத்தில் போட்டாலே அதை எட்டுவது கடினம். அடிக்கடி எதையாவது மாற்றினால் அந்தக் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

யாருக்குக் காட்டுவது? கடை இருக்கும் இடத்தில் குறியிட்டு மூன்று, நான்கு கிலோமீட்டர் வட்டம் போட்டால் போதும். ஆனால் வட்டத்துக்கு வைகை ஆறு தெரியாது. பாலத்து நெரிசலைத் தாண்டி மதிய வெயிலில் ஃபேஷியலுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தால், தென்கரையில் இன்னொரு குறியிட்டு அந்தப் பகுதியை விலக்கிவிடலாம். இன்னொன்று, அங்கே வசிப்பவர்களோடு அண்மையில் வந்துபோனவர்களும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரருக்கும் விளம்பரம் போகும். 'அட்வான்டேஜ் பிளஸ்' முறையில் பெண்கள் என்று குறிப்பிட்டாலும் அது வெறும் பரிந்துரைதான். பெண்களுக்கு மட்டுமான பார்லர் என்றால் அந்த முறையை அணைத்துவிட்டு பாலினத்தைக் கட்டாயமாக்க வேண்டும். 'அழகு', 'மேக்கப்' என்று ஆர்வங்களை அடுக்குவது இவ்வளவு சிறிய வட்டத்தை இன்னும் குறுக்கும், அவ்வளவுதான்.

பலனை அளப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தைத் தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும்படி அமைத்து, 'செவ்வாய் ஃபேஷியல் பற்றிச் சொல்லுங்கள்' என்று முன்கூட்டியே எழுதிய வாசகத்தைக் கொடுக்க வேண்டும். அந்த வாசகத்தோடு வருபவர் விளம்பரத்தைப் பார்த்து வந்தவர். வாட்ஸ்அப் பிசினஸில் அவருக்கு ஒரு லேபிள். புக் செய்தால் வேறு லேபிள், வந்துபோனால் இன்னொன்று. நேரே போன் செய்பவரிடமும் படியேறி வருபவரிடமும் "எப்படிம்மா தெரிஞ்சுச்சு?" என்று கேட்டு நோட்டில் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும். பழைய வாடிக்கையாளர் விளம்பரத்தைத் தொட்டு வந்தால் அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இரண்டு வாரத்தில் விளம்பரத்துக்கு 2,520 ரூபாய், வரியோடு 2,974. உரையாடல்கள் 63. ஓர் உரையாடலுக்கு 40 ரூபாய் என்று திரை காட்டும், பார்க்க மலிவு. ஆனால் விலையைக் கேட்டுவிட்டு மறைந்தவர்கள் போக 18 பேர்தான் நேரம் குறித்தார்கள், வந்தது 9 பேர். ஆளுக்கு 330 ரூபாய் ஆகிவிட்டது, 250 வரம்பைத் தாண்டிவிட்டது.

இந்த இடத்தில் படத்தை மாற்று, சலுகையைக் கூட்டு என்று கை பரபரக்கும். ஓட்டையோ வேறிடத்தில் இருக்கிறது. குறித்த பதினெட்டில் பாதிப் பேர் வரவேயில்லை. முந்தைய நாள் மாலை "அக்கா, நாளைக்கு மூணு மணிக்கு வர்றீங்கல்ல?" என்று ஒரு செய்தி அனுப்பி, இன்னும் மூவர் வந்தாலே செலவு 248-க்கு இறங்கிவிடும். உரையாடல்களே பத்துப் பதினைந்துதான் வந்திருந்தால் மட்டும் குறை விளம்பரத்திலோ வட்டத்திலோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வந்தவர்களில் சிலர் அடுத்த மாதமும் வந்தால் 250 வரம்பைக் கொஞ்சம் தளர்த்தலாம். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் செவ்வாய் மதியமும் நிரம்பிவிட்டால், விளம்பரத்தை அந்த வாரங்களுக்கு நிறுத்தி வைத்துவிடலாம்.