தலையணையை விட்டு எழாத தலை

மூன்றாம் நாள் காலை வார்டில் எல்லோர் முகத்திலும் கொஞ்சம் தெளிச்சி வந்திருந்தது. கட்டிலில் படுத்திருந்தவர் ஐம்பது வயது விவசாயி. முந்தாநாள் இரவு தாகமெடுத்து எழுந்தவர், இருட்டில் திண்ணையோரம் கைக்கு அகப்பட்ட பாட்டிலைத் தண்ணீர் என்று நினைத்து இரண்டு மடக்கு விழுங்கிவிட்டார். பருத்திக்கு அடித்ததுபோக மிஞ்சிய பூச்சிமருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள். கொண்டுவந்தபோது பிழைப்பாரா என்ற நிலைமை. இப்போது கண் விழித்துப் பேசுகிறார், காப்பி கேட்கிறார். "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாங்களா டாக்டர்?" என்கிறார் மனைவி.

டாக்டர் பதில் சொல்லாமல் கட்டிலருகே வந்து, "ஐயா, தலையணையை விட்டுத் தலையை மட்டும் மேலே தூக்குங்க, பாக்கலாம்" என்கிறார். அவரும் முயல்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது, தாடை இறுகுகிறது, தலை எழவில்லை. டாக்டர் திரும்பி நர்ஸிடம், வென்டிலேட்டர் கட்டில் காலியாக இருக்கிறதா என்று கேட்கிறார்.

இது தனியொருவரின் கதை அல்ல. பூச்சிமருந்து நஞ்சைப் பார்க்கும் வார்டுகளில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே ஆளின் மேல் ஏற்றிச் சொன்னது. பேசிக்கொண்டும் காப்பி கேட்டுக்கொண்டும் இருக்கிறவருக்கு மூன்றாம் நாள் ஏன் மூச்சு தளர வேண்டும்? அது தெரிய, நரம்பு தசையிடம் எப்படிப் பேசுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. நடுவில் மயிரிழையைவிடப் பல மடங்கு குறுகலான ஓர் இடைவெளி உண்டு. மூளையிலிருந்து கட்டளை வந்ததும் நரம்பு முனை அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை அந்த இடைவெளிக்குள் விடுகிறது. அது எதிர்க்கரையில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டியதும் தசை சுருங்குகிறது. ஒட்டியது உடனே விலகியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கட்டளைக்கு இடமிருக்காது. விலக்குகிற வேலைக்கென்றே அங்கே அசிடைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. உடம்பிலுள்ள நொதிகளில் மிக வேகமானவற்றில் இது ஒன்று. ஒரே மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான அசிடைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளும்.

வயலுக்கு மடை திறந்து தண்ணீர் பாய்ச்சினால் மறுபக்கம் வடிகால் திறந்திருக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் செய்வது வடிகாலை அடைப்பதுதான். மானோகுரோட்டோபாஸ், டைமெத்தோயேட், குளோர்பைரிபாஸ் எல்லாம் இந்தக் குடும்பம். இவற்றின் பாஸ்பரஸ் பகுதி நொதியின் வேலை நடக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது, சுலபத்தில் விடுவதில்லை. கார்பமேட் என்ற இன்னொரு குடும்பமும் இதே இடத்தைத்தான் அடைக்கும். ஆனால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே விலகிவிடும். பூச்சியைக் கொல்வதும் மனிதனைச் சாய்ப்பதும் ஒரே வழிதான். இந்த நொதி இருவருக்கும் பொது.

அசிடைல்கோலின் தசையோடு மட்டும் பேசுவதில்லை. எச்சில், கண்ணீர், வியர்வைச் சுரப்பிகள், குடல், சிறுநீர்ப்பை, மூச்சுக்குழாய், இதயம் எல்லாவற்றோடும் பேசுகிறது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இரண்டு வகை. சுரப்பிகளிலும் உள்ளுறுப்புகளிலும் இருப்பவை மஸ்கரினிக். ஒரு நச்சுக்காளானில் கிடைத்த மஸ்கரின் என்ற பொருளால் வந்த பெயர். கை, கால், கழுத்து, விலா எனத் தசைகளில் இருப்பவை நிகோடினிக், புகையிலையால் வந்த பெயர். மூன்றாம் நாள் நடந்ததற்குக் காரணம் இந்தப் பாகுபாட்டில் இருக்கிறது.

முதலில் வெள்ளம் தெரிவது சுரப்பிகளில். நம் விவசாயி குடித்த அரைமணிக்குள் வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி, பேதி. சட்டை பிழியலாம் போல வியர்வை. வாயோரம் எச்சில் நூலாக ஒழுகியது. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி குண்டூசித் தலையளவு. மூச்சில் பூண்டு வாடை போன்ற ஒரு நெடி. அனுபவமுள்ள நர்ஸுகள் ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போதே அதைப் பிடித்துவிடுவார்கள். கெண்டைக்காலிலும் கண்ணிமையிலும் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் தசைகள் துடித்தன. துடிப்பு மட்டும் நிகோடினிக் வேலை, மற்றதெல்லாம் மஸ்கரினிக். மூளையிலும் இதே பொருள் தேங்குவதால் பதற்றம், குழப்பம், சிலருக்கு வலிப்பு.

முதல் சில மணிநேரத்தில் உயிரைப் பறிப்பது நுரையீரல். மூச்சுக்குழாய் இறுகுகிறது, உள்ளே நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. கரையில் கிடக்கும் மனிதன் தன் நெஞ்சில் ஊறும் நீரிலேயே மூழ்குகிறான். வீட்டில் உப்புக்கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது இந்த நேரத்தில் செய்யக்கூடாத காரியம். மயங்கும் நிலையில் இருப்பவரின் வாந்தி நேராக நுரையீரலுக்குள் போகும். நனைந்த உடுப்பைக் கழற்றி, உடம்பைச் சோப்புப்போட்டுக் கழுவி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் வீட்டார் செய்யவேண்டியது. தூக்குகிறவர்கள் கையுறை போடுவது நல்லது. தோல் வழியாகவும் இந்த மருந்து உள்ளே போகும்.

ஆஸ்பத்திரியில் கைகொடுப்பது அட்ரோபின். நம் ஊரில் அது 0.6 மில்லிகிராம் ஆம்பூலாக வருகிறது. மற்ற நோய்களில் ஓர் ஆம்பூல், இரண்டு ஆம்பூல் போதும். இங்கே கணக்கே வேறு. தொடக்கமே மூன்று முதல் ஐந்து ஆம்பூல். ஐந்து நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். பலன் தெரியாவிட்டால் இரட்டிப்பு. மறுபடி ஐந்து நிமிடம், மறுபடி இரட்டிப்பு. உடைத்த ஆம்பூல்கள் தட்டில் குவியும். எங்கே நிறுத்துவது? நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் கொறகொறப்பு இருக்கக்கூடாது, நாடி 80ஐத் தாண்ட வேண்டும், இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் 80ஐத் தாண்ட வேண்டும். கூடவே டாக்டர் அக்குளுக்குள் கைவிட்டுப் பார்ப்பார். அங்கே காய்ந்திருந்தால் மருந்து பிடித்திருக்கிறது. அளவு மீறினாலும் தெரியும்: காய்ச்சல் அடிக்கும், வயிறு ஓசையடங்கிப் போகும், நோயாளி இல்லாத நூலைப் போர்வையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருப்பார்.

ஆனால் அட்ரோபின் வடிகாலைத் திறப்பதில்லை. மஸ்கரினிக் ஏற்பிகளின் மேல் மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். நிகோடினிக் ஏற்பிகளை அது தொடுவதே இல்லை. வியர்வை நின்றதும் எச்சில் வற்றியதும் நெஞ்சு தெளிந்ததும் கண்ணுக்குத் தெரிகிற வெற்றி. அதே நேரத்தில் தசைகளின் பக்கம் வெள்ளம் அப்படியே நிற்கிறது. நாள்கணக்கில் நீர் தேங்கிய வயலில் வேர் அழுகுவதுபோல, ஓயாமல் தூண்டப்பட்ட தசை ஏற்பிகள் மரத்துப்போகின்றன. கட்டளை வந்தாலும் தசை அசைவதில்லை.

இந்த இரண்டாம் கட்டத்துக்குத் தனிப்பெயர் கொடுத்தவர்கள் இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும். 1987இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 10 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எல்லோருக்கும் முதல்கட்ட வெள்ளம் முறையாக வந்து போயிருந்தது. அதன்பின், நஞ்சு உள்ளே போய் 24 முதல் 96 மணி நேரத்துக்குள், கழுத்தை முன்னால் வளைக்கும் தசைகள், தோள், தொடை, முகம், கடைசியில் மூச்சுத் தசைகள் என்று தளர்ந்தன. நான்கு பேருக்கு அவசரமாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது, மூன்று பேர் இறந்தார்கள். தளர்ச்சி 18 நாள் வரை நீடித்தது. முதல்நாள் வெள்ளத்துக்கும், இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிலருக்குக் கைகால் நரம்புகளில் வரும் பாதிப்புக்கும் நடுவில் வருவதால் இதை இடைநிலை நோய்க்குறி என்றார்கள். பிழைத்தார் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் வழியிலேயே மூச்சு நின்றுபோவதற்கான விளக்கமும் இதில் இருந்தது.

விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், தலையைத் தூக்கச் சொல்லியே இதை முன்கூட்டிப் பிடித்துவிடலாம். கழுத்து முதலில் விழும், மூச்சு பின்னால் விழும். இடையில் கிடைக்கும் சில மணிநேரம்தான் டாக்டருக்கு அவகாசம். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வதும் உண்டு. காலையில் இருபது வரை எண்ணியவர் மாலையில் எட்டில் நின்றால், குழாய் போடும் நேரம் நெருங்கிவிட்டது.

அடைபட்ட நொதியையே விடுவிக்க மருந்தில்லையா? பிராலிடாக்ஸிம் இருக்கிறது, வார்டில் 'பாம்' என்பார்கள். பாஸ்பரஸ் பிடியைக் கழற்றுவது அதன் வேலை. ஆனால் நேரம் ஆக ஆக அந்தப் பிடி இறுகிவிடும். மானோகுரோட்டோபாஸ் போன்றவற்றில் சில மணிநேரத்திலேயே நொதியில் பாதி மீட்கமுடியாதபடி ஆகிவிடுகிறது. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 பேரிடம் நடந்து 2006இல் வெளியான சோதனையில் இந்த மருந்து நன்மை செய்தது. இலங்கையில் 235 பேரிடம் நடந்து 2009இல் வெளியான சோதனையில் நன்மை தெரியவில்லை. பாராமதியில் நோயாளிகள் சீக்கிரமே வந்துசேர்ந்தார்கள், தீவிர சிகிச்சை வசதியும் நன்றாக இருந்தது என்பதை வைத்து இந்த வேறுபாட்டை விளக்குவோர் உண்டு. சண்டை இன்னும் தீரவில்லை. சண்டை இல்லாத விஷயம் வென்டிலேட்டர். தசை தானாக மீளும்வரை மூச்சை நடத்திக்கொடுத்தால் பெரும்பாலானோர் எழுந்துவிடுவார்கள்.

1987 கட்டுரையில் வந்த மருந்துகள் நான்கு: ஃபென்தியான், மானோகுரோட்டோபாஸ், டைமெத்தோயேட், மெத்தாமிடோபாஸ். மானோகுரோட்டோபாஸையும் மெத்தாமிடோபாஸையும் இலங்கை 1995இல் விலக்கியது. மற்ற இரண்டும் 2008 தொடங்கி 2011க்குள் விலக்கப்பட்டன. இந்தியாவில் மானோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக்கூடாது என்று 2005இல் உத்தரவு வந்தது. மற்ற பயிர்களுக்குக் கடையில் கிடைத்துக்கொண்டே இருந்தது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் காந்தாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பிள்ளைகளில் 23 பேர் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மானோகுரோட்டோபாஸ் என்று தடயவியல் சோதனை சொன்னது. நம் விவசாயி வீட்டில் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், அங்கே எண்ணெய்.

அவரை அன்று மத்தியானமே வென்டிலேட்டரில் சேர்த்தார்கள். தளர்ந்தவை திரும்புவதிலும் ஒரு வரிசை உண்டு: கண்ணும் முகமும் முதலில், மூச்சு அடுத்தது, பிறகு தோளும் தொடையும், கழுத்து எல்லாவற்றுக்கும் கடைசி. பத்தாம் நாள் குழாயை எடுத்துவிட்டார்கள். மூச்சு சீராக ஓடியது, குரல் கரகரவென்று வந்தது. ஆனால் கஞ்சி கொடுக்க மனைவி அவர் பிடரிக்கடியில் கையைக் கொடுத்துத் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.