பிரேக்கை எடுத்த பிறகு

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உடலெங்கும் பரவிவிட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 60 கிலோ. இபிலிமுமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறார்கள். இரண்டு டோஸ் பெரிய தொந்தரவில்லாமல் முடிந்தது. மூன்றாவது டோஸ் போடவேண்டிய வாரத்தில் வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கிறது. வழக்கமாக ஒரு முறை போகிறவர், மூன்றாம் நாளில் ஒன்பது முறை போகிறார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, மருந்துக்கடையில் லோப்பரமைடு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். போக்கு சற்றுக் குறைகிறது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அந்த மாத்திரை குடலின் அசைவைத்தான் குறைக்கும். குடல் சுவரில் நடந்துகொண்டிருப்பதோ வேறு.

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களை நேரடியாகக் கொல்கின்றன. குடலின் உள்தோலும் அப்படிப் பெருகுவது என்பதால் அதுவும் அடிபடும். இபிலிமுமாப் எந்தச் செல்லையும் குறிவைத்துக் கொல்லும் விஷம் அல்ல. அது நம்முடைய டி செல்களை அவிழ்த்துவிடுகிறது. குடலைத் தாக்குவது அந்த டி செல்கள்தான்.

ஒரு டி செல் வேலையில் இறங்க இரண்டு சமிக்ஞைகள் வேண்டும். எதிரியின் துண்டை அடையாளம் காண்பது முதலாவது. அந்தத் துண்டைக் காட்டும் செல்லின் மேலுள்ள பி7 என்ற புரதம், டி செல்லின் சிடி28 புரதத்தோடு இணைவது இரண்டாவது. இரண்டும் கிடைத்ததும் டி செல் பெருகத் தொடங்கும். கூடவே சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு புரதத்தையும் தன் மேற்பரப்புக்குக் கொண்டுவரும். இது சிடி28-ஐவிட இறுக்கமாக பி7-ஐப் பற்றிக்கொள்வதால் இரண்டாவது சமிக்ஞை அறுந்துபோகிறது. இதுதான் பிரேக். இபிலிமுமாப் என்ற ஆன்டிபாடி சிடிஎல்ஏ-4 மேல் உட்கார்ந்து அதை வேலை செய்யவிடாமல் மறிக்கிறது.

இந்த வழியில் எலிகளின் கட்டிகள் கரைந்ததை அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆலிசனின் குழு 1996-ல் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே இன்னொரு செய்தி வெளிவந்திருந்தது. சிடிஎல்ஏ-4 மரபணு இல்லாமல் பிறந்த எலிகள் சில வாரங்களிலேயே இறந்துபோயின. அவற்றின் இதயத்திலும் கணையத்திலும் டி செல்கள் புகுந்திருந்தன. மருந்து மனிதர்களிடம் வருவதற்கு முன்பே அதன் பக்கவிளைவு எந்தத் திசையிலிருந்து வரும் என்பது எலிகளிடம் எழுதப்பட்டிருந்தது என்றே நான் சொல்வேன்.

ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ குழு 1992-ல் கண்டெடுத்த பிடி-1 இன்னொரு பிரேக். இது பெரும்பாலும் திசுக்களுக்குள், சண்டை நடக்கும் இடத்திலேயே பிடிக்கப்படுவது. பல புற்றுநோய்ச் செல்கள் அதை அழுத்தும் புரதத்தைத் தாங்களே போர்த்திக்கொள்கின்றன. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் பிடி-1-ஐ மறிக்கும் மருந்துகள். இவற்றின் பக்கவிளைவு இபிலிமுமாபைவிடக் குறைவு. மெலனோமாவில் இபிலிமுமாபையும் நிவோலுமாபையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்விலோ பாதிக்கு மேற்பட்டோருக்குக் கடுமையான விளைவுகள் வந்தன.

குடல் ஏன் மாட்டிக்கொள்கிறது? கோடானுகோடி பாக்டீரியாக்களோடு அன்றாடம் ஒட்டி வாழும் உறுப்பு அது. அங்கே சண்டை மூளாமல் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டு டி செல்களிடம் சிடிஎல்ஏ-4 ஏராளம். அதை மறித்தால் அந்த அமைதி கெடும்.

நம் நோயாளியிடம் திரும்புவோம். வழக்கத்தைவிட ஏழு முறையோ அதற்கு மேலோ அதிகமானால் அது மூன்றாம் நிலை, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய கட்டம். மலப் பரிசோதனையில் தொற்று இல்லையென்று பார்ப்பார்கள். சிறிய கேமராக் குழாயை உள்ளே விட்டுப் புண்ணைப் பார்த்து, திசு எடுப்பார்கள். கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் கணக்கில், இவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் ஸ்டீராய்டு தொடங்கும். மூன்று முதல் ஐந்து நாளில் குறையாவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப் கொடுப்பார்கள். அது உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியது என்பதால் காசநோய்ப் பரிசோதனையை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. வயிறு உப்பிக் கடுமையாக வலித்தால் குடல் ஓட்டையாகிவிட்டதா என்று உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும். வலி குறைவாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டீராய்டு அதை மறைத்துவிடும்.

போக்கு நின்றதும் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும். நான்கு முதல் ஆறு வாரம் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவருக்கு இபிலிமுமாப் இனி கிடையாது. அதனால் சிகிச்சையே வீணாகிவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை. பக்கவிளைவால் பாதியில் நிறுத்தியவர்களிலும் பலருக்குக் கட்டி சுருங்கியே இருந்திருக்கிறது.

குடல் இப்படி ஆறிவிடும். சுரப்பிகள் பெரும்பாலும் ஆறுவதில்லை. தைராய்டு அழிந்தால் வாழ்நாள் முழுக்க தைராக்ஸின் மாத்திரை. பிட்யூட்டரி கெட்டால் விடாத தலைவலியும் அசதியும் வரும், ரத்தத்தில் சோடியம் இறங்கும். அப்போது கார்ட்டிசால் குறையை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் தைராய்டு மாத்திரை தர வேண்டும். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து.

கடைசி டோஸ் முடிந்து பல மாதம் கழித்தும் இவை வரலாம். அவிழ்ந்த டி செல்கள் மருந்து வடிந்த பிறகும் உடலில் இருக்கும். அந்த நேரத்தில் காய்ச்சலுக்கோ மூச்சுத்திணறலுக்கோ வேறொரு டாக்டரிடம் போகிறவர், “கேன்சருக்கு கீமோ எடுத்தேன்” என்று சொன்னால் போதாது. மருந்தின் பெயரையும் கடைசியாக ஏற்றிய தேதியையும் சொல்ல வேண்டும்.