மீட்பு மின்னஞ்சல் எந்த முகவரியில் இருக்கிறது?

டொமைன் கணக்கின் கடவுச்சொல் 20 எழுத்து நீளமாகவே இருக்கட்டும். "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்று அழுத்தினால் வரும் இணைப்பு எந்த மின்னஞ்சலுக்குப் போகிறதோ, அதைப் பொறுத்ததுதான் அந்தக் கணக்கின் பாதுகாப்பு. பலர் அந்த இடத்தில் அதே டொமைனில் உள்ள முகவரியை, admin@example.in என்பதுபோல, கொடுத்துவைக்கிறார்கள். ஒரு டொமைனுக்கு வரும் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்வது MX பதிவு. அதைத் திருத்தும் இடம் பெரும்பாலும் அந்த டொமைன் கணக்கேதான். கணக்கு பறிபோனால் அஞ்சலும் போகும். அந்த முகவரியை நம்பித் திறந்த மற்றக் கணக்குகளும் பின்னாலேயே போகும்.

2014 ஜனவரியில் @N என்ற ஓரெழுத்து ட்விட்டர் பெயருக்கு ஆசைப்பட்ட ஒருவர் இந்த வழியில்தான் வந்தார். குறி ட்விட்டர், கைவைத்தது டொமைன் கணக்கில். கோடாடி நிறுவனத்துக்கு உரிமையாளர்போலத் தொலைபேசியில் பேசி, கடன் அட்டையின் சில இலக்கங்களைச் சொல்லிக் கணக்கைப் பிடித்தார். உண்மையான உரிமையாளர் அழைத்தபோது அவரால் தன்னை நிரூபிக்க முடியவில்லை. விவரங்கள் அனைத்தும் அதற்குள் மாற்றப்பட்டிருந்தன. தன் ஊழியர் ஏமாற்றப்பட்டதை நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது.

ஆகவே மீட்பு முகவரி வேறொரு டொமைனில் இருக்க வேண்டும். அந்த அஞ்சல் கணக்குக்கும் இரண்டடுக்கு உள்நுழைவு வேண்டும். MX பதிவை யாரும் மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்க:

```
dig +short MX example.in
```

வழக்கமான அஞ்சல் சர்வரின் பெயர் வராவிட்டால் உடனே விசாரிக்க வேண்டும். அஞ்சல் வருவது திடீரென நின்றுபோவதும் MX பதிவு மாற்றப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம்.

இரண்டாம் அடுக்கு எது? எஸ்எம்எஸ் ஓடிபி, சிம்மை வேறொருவர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால் அவர் கைக்குப் போய்விடும். செயலி காட்டும் ஆறிலக்க எண், க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தபோது பதிந்த ரகசியத்தையும் நேரத்தையும் வைத்துப் போனுக்குள்ளேயே கணக்கிடப்படுகிறது. வழக்கமாக 30 வினாடிக்கு ஒருமுறை மாறும். சிம் மோசடி இதைத் தொடாது. ஆனால் போலி உள்நுழைவுப் பக்கத்தில் தட்டச்சு செய்தால் இதுவும் வீண். பாஸ்கீயும் பாதுகாப்புச் சாவியும் தள முகவரியைச் சரிபார்த்த பிறகே வேலை செய்வதால் அங்கே ஏமாறுவதில்லை.

போன் தொலைந்தால்? அமைக்கும்போதே தரப்படும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வைத்திருக்க வேண்டும்.

டொமைன் லாக் போதாதா? clientTransferProhibited நிலை வேறு பதிவாளருக்கு டொமைனை மாற்றுவதைத்தான் தடுக்கும். கணக்குக்குள் நுழைந்தவர் MX பதிவை மாற்றுவதை அது தடுக்காது.

ஹோஸ்டிங் கணக்கு? தனிக் கடவுச்சொல், தனி இரண்டடுக்கு. கட்டுப்பாட்டுப் பலகைக்குப் போட்ட இரண்டாம் அடுக்கு பொதுவாக எஃப்டிபிக்குப் பொருந்தாது. பயன்படுத்தாத எஃப்டிபி கணக்குகளை நீக்கிவிட வேண்டும்.